முந்நூற்று எண்பது

அவர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். வார்டில் எல்லோருக்கும் டிரைவர் ஐயா. வண்டியை எடுத்தால் ஆறு மணி நேரம் இறங்க மாட்டாராம். "டிப்போ கக்கூஸ்ல கால் வைக்க முடியாது சிஸ்டர். அடக்கி அடக்கியே பழகிடுச்சு," என்பார். தண்ணீர் குடிப்பதையே விட்டவர். ஓய்வு பெற்றபின் அவருக்கென்று இருந்தது ஒன்றுதான்: காலையில் டிப்போவுக்கு நடந்து போய், பழைய ஆட்களோடு ஒரு மணி நேரம் வம்பளப்பது.

குடலிறக்க அறுவை முடிந்து வந்தவருக்கு மறுநாள் படுக்கை நனைந்துகொண்டே இருந்தது. ஆயா மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று முறை விரிப்பு மாற்றினாள். "மூத்திரம் நல்லாத்தான் போறாரு, நிக்கவே மாட்டேங்குது," என்றாள். இரவு நர்ஸும் அதையே எழுதி வைத்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிவயிறு கல்லாக இருக்கிறது, தொட்டுப் பார்க்க ஒருத்திக்கும் கை வரவில்லை. ஜெல் தடவி ஸ்கேன் வைத்தேன். தொள்ளாயிரத்து இருபது மில்லி. மூத்திரப்பை நிரம்பி வழிந்ததைத்தான் இந்த மேதாவிகள் நன்றாகப் போவதாக எழுதியிருக்கிறார்கள்.

மூத்திரம் வடிய டியூப் போட்டோம். வீங்கிய புராஸ்டேட், மலச்சிக்கல், மயக்க மருந்து, போதாததற்குச் சளிக்கு அவராகவே விழுங்கிய மாத்திரை. நான்கும் சேர்ந்து அடைத்திருந்தன. சளி மாத்திரையை நிறுத்தி, மலம் இளக மருந்து கொடுத்து, புராஸ்டேட்டைத் தளர்த்தும் மாத்திரையும் தொடங்கினோம். மூன்று நாள் கழித்து டியூபை எடுத்து, தானாகப் போகிறாரா என்று பார்ப்பது என்று முடிவு.

அந்த மூன்று நாளும் டியூபில் தொங்கிய பையை அவர் துண்டால் மூடியே வைத்திருந்தார். "இதத் தொங்கவிட்டுக்கிட்டு டிப்போ பக்கம் போவேனா? வீட்டோட கெடந்து செத்துருவேன்," என்றார்.

மகன் வேறு ரகம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், டியூப் இருக்கட்டுமே. பாத்ரூம் கூட்டிட்டுப் போற வேலையில்ல, வெளிய சுத்தவும் மாட்டாரு. எங்களுக்கும் நிம்மதி," என்றான். பெற்ற அப்பனைக் குழாய் மாட்டி மூலையில் வைக்க இவ்வளவு அவசரம். உள்ளே கிருமி போகும், காய்ச்சல் வரும், தேவைக்கு மேல் ஒரு நாள்கூட வைக்கக் கூடாது என்று பொரிந்து தள்ளினேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு டியூபை எடுத்தேன். பத்து மணிக்கு ஜாடியில் இருநூறு மில்லி போனார். பரீட்சையில் தேறியவர் மாதிரி ஜாடியைத் தூக்கிக் காட்டினார். போனபின் உள்ளே மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று உடனே ஸ்கேன் செய்திருக்க வேண்டும்; நிறைய நின்றால் திரும்ப டியூப்தான். மிஷின் பக்கத்து வார்டில் இருந்தது.

மதியம் ஒன்றரைக்கு ஸ்கேன் எடுத்து, மிச்சம் முந்நூற்று எண்பது என்று எழுதியாயிற்று. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தார். "திரும்ப டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்புங்க. பாத்துக்கலாம்."

இந்தப் 'பாத்துக்கலாம்' எனக்கு நன்றாகத் தெரியும். பத்து நாளில் இன்னொரு முறை டியூபை எடுத்துப் பார்க்க வேண்டும், ஒருவரும் பார்க்க மாட்டார்கள். நோயாளிகள் ஆறு மாதம் கழித்து அதே டியூபோடு காய்ச்சலில் வந்து விழுவார்கள். மகன் முகத்தில் சிரிப்பு.

டியூப் போடும் தட்டோடு போனேன். டிரைவர் ஐயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"சிஸ்டர், ரொம்ப முட்டுது. ஒரு தடவ போயிட்டு வந்துரட்டுமா?"

"எப்பலேர்ந்து?"

"நீங்க மிஷின் வெக்கும்போதே முட்டுச்சு. கொஞ்சம் அடக்கிக்குங்கன்னு நீங்கதான சொன்னீங்க? அடக்கிக்கிட்டேன்."

ஆமாம், நான்தான். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிகிறது, அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். போவதற்கு முன் இருந்ததை எடுத்து, போனபின் மிச்சம் என்று எழுதியது நான். தட்டைக் கீழே வைத்தேன். அவர் போய்விட்டு வந்தார்: முந்நூற்று இருபது. உடனே ஸ்கேன் வைத்தேன்: அறுபது.

ஓடிப்போய் டாக்டரிடம், "அளவு தப்பாயிடுச்சு சார், மிச்சம் அறுபதுதான்," என்றேன். டியூப் வேண்டாம் என்று சீட்டில் அடித்துக் கொடுத்தார். மகன் முகம் சுண்டிப்போனது.

டிரைவர் ஐயா எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லன்னா என் கதை முடிஞ்சிருக்கும் சிஸ்டர். மிஷின் கோளாறா?"

"ஆமாங்கய்யா," என்றேன், "பழைய மிஷின்."

அதன் மேல் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். புதிய மிஷின். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.