எல்லையாவின் எட்டு குவிண்டால்

ரோகிணி டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தபோது, மேலாளர் கிருஷ்ணபிரசாத் பருத்தி விதைப் பாக்கெட்டின் புரூஃபோடு, அச்சுக்கு முந்தைய மாதிரியோடு, காத்திருந்தார். பேகம்பேட்டிலிருந்த அந்த விதைக் கம்பெனிக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பாக்கெட் வாசகம் எழுதுபவள் அவள். பளபளப்பான விளம்பரத்தை நம்பாத விவசாயி பக்கத்து வயல்காரன் சொன்னால் நம்புவான் என்று, இம்முறை அந்த விதையைப் போட்ட விவசாயி எல்லையாவின் பெயர், ஊரோடு அவர் எடுத்த விளைச்சலையும் போட்டிருந்தாள்: மானாவாரியில் ஏக்கருக்கு எட்டு குவிண்டால்.

புரூஃபில் அது பன்னிரண்டாகியிருந்தது.

"அது தண்ணி பாய்ச்சின நம்ம பண்ணைக் கணக்கு சார். எல்லையாவுக்குக் கிணறே கிடையாது."

"யாரும்மா போய் அளக்கப் போறா?"

"ஊரே பாத்த பருத்தி சார். நாளைக்கு அவர் மூஞ்சியிலதான் காறித் துப்புவாங்க."

"கையெழுத்துப் போடு. இல்லன்னா எழுத வேற ஆள் இருக்கு."

அவள் பன்னிரண்டை அடித்து, எட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"இதை அச்சுக்கு அனுப்புவீங்களா சார்?"

கிருஷ்ணபிரசாத் புரூஃபை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியேறினார்.