உட்பக்கம் தேய்ந்த இரண்டு டயர்கள்

பூவரசங்குளத்திலிருந்து வவுனியாவுக்கு ஓடிய வீரகத்தியின் மினிபஸ்ஸைப் பதினான்கு வருடமாக ஓட்டியவர் முத்துலிங்கம். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலைநாட்டில், அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பம். வீரகத்தியோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே வயல் எடுத்தவர். அவருடைய காணியின் ஒரு மூலையில், அவர் விட்ட இடத்தில், முத்துலிங்கமும் மனைவி வீரம்மாவும் ஒரு மண்வீடு போட்டுக்கொண்டு இருந்தார்கள். சம்பளத்தைவிட அந்த மூலைதான் பெரிது. அது போனால் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஆனியில் வீரகத்தி வவுனியா பசாரிலுள்ள ஒரு கடையில் இரண்டு புது டயர் வாங்கி வந்தார். முத்துலிங்கம்தான் முன்சில்லுகளுக்கு மாட்டினார். ஐப்பசி பிறக்க முன்னமே இரண்டு டயரிலும் உட்பக்க விளிம்பு மொட்டையாகிவிட்டது. வெளிப்பக்கம் கடையில் வாங்கியபடியே இருந்தது. குறுக்கே உள்ளங்கையால் தடவினால் ஒரு பக்கம் போகும்போது வழுக்கும், திரும்பி வரும்போது கீறும். ஒரு மாதத்துக்கு மேலாக முத்துலிங்கம் முதலாளிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"மொதலாளி, சில்லு ரெண்டும் நேரா ஓடலைங்க. கொண்டுபோய் அளந்து பார்ப்பமா?"

"டயர்தான் பழுது. புதுசெண்டு சொல்லி ஏமாத்திப் போட்டாங்கள். எழுத்தில கேப்பம்" என்றார் வீரகத்தி. வேறு எதைச் சொன்னாலும் பாய்ந்து விழுகிற மனிதர், இந்தக் கதை எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்துலிங்கம் அதைக் கவனித்தார், காரணம் தேடவில்லை. கூலிக்கு ஓட்டுகிறவன் முதலாளியின் முகத்தில் காரணம் தேடிக்கொண்டிருந்தால் பஸ் ஓடாது.

கடிதத்தை எழுதியவள் வீரகத்தியின் மகள் பிரஷாந்தினி. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருந்தாள். எழுதி முடித்து விறாந்தையில் உரக்க வாசித்தாள். "தங்களிடம் வாங்கிய டயர்கள் நான்கு மாதங்களுக்குள் உட்பக்கமாகத் தேய்ந்துவிட்டன. எமது சாரதி திரு. முத்துலிங்கம் பதினான்கு வருட அனுபவமுள்ளவர். மதுபானம் அருந்தாதவர். அவருடைய ஓட்டத்தில் எவ்விதக் குறையும் இல்லை என்பதை உறுதியாகத் தெரிவிக்கின்றேன். ஆகவே பிழை டயரிலேயே உள்ளது."

வாசலில் நின்ற முத்துலிங்கத்துக்குக் காது சுட்டது. அவர் பெயருக்கு முன்னால் யாரும் அதுவரை 'திரு' போட்டதில்லை. வீட்டுக்குப் போய் வீரம்மாவிடம் அந்த வரியை அப்படியே சொன்னார். "அந்தப் புள்ள நல்லாயிருக்கணும்" என்றாள் அவள். அன்றைக்கு இருவரும் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டார்கள்.

பத்து நாளில் பதில் வந்தது. முதலாளி அதை யாருக்கும் காட்டவில்லை. பிரஷாந்தினிதான் கிணற்றடியில் வைத்து முத்துலிங்கத்துக்குச் சொன்னாள். இரண்டு டயரும் ஒரேமாதிரி உட்பக்கம் தேய்ந்தால் அது டயரின் பிழை இல்லையாம், முன்சில்லுகள் முன்பக்கமாக விரிந்து நிற்கின்றனவாம், வாகனம் எதிலாவது அடிபட்டதா என்று கேட்டிருக்கிறார்களாம். "அண்ணை, பஸ் எதிலயும் அடிபட்டதோ?" என்றாள். "என் கையால இல்லம்மா" என்றார் அவர்.

மறுநாள் வீரகத்தி இன்னொரு கடிதத்தைத் தானே எழுதி, ஒட்டி, முத்துலிங்கத்திடம் கொடுத்தார்.

"பஸ்ஸைக் கொண்டுபோய் அவங்களிட்டைக் காட்டு. இந்தக் கடிதத்தையும் குடு. கதை குடுக்காதை, கடிதத்தில எல்லாம் இருக்கு."

நெளுக்குளம் சென்றியில் பஸ்ஸை மறித்த ஆமிக்காரன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போக விட்டான். கடையின் பின்புறத்தில் ஒரு கராச். மெக்கானிக் ஒருவர் அளவுகோலை முன்சில்லுகளுக்கு இடையில் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை வைத்து அளந்தார். முன்னால் அகலம் கூடுதல். பிறகு கீழே படுத்து, இரண்டு சில்லையும் அச்சுக்குப் பின்னால் இணைக்கிற நீட்டுக் கம்பியைத் தடவினார்.

"டை ரொட் வளைஞ்சு, ஆரோ இரும்படிக்கிறவன் நெருப்பில போட்டுத் தட்டியிருக்கிறான். நிமிரேல்லை, கட்டையாப் போச்சு. அதுதான் சில்லு விரிஞ்சு நிக்குது. சுத்தியல் பட்ட அடையாளம் இந்தா தெரியுது."

கடைக்காரர் கனகலிங்கம் மேசையிலிருந்தபடி கடிதத்தை உடைத்து, மெக்கானிக்குக் கேட்கட்டும் என்று வாய்விட்டு வாசித்தார்.

"விசாரித்ததில், ஆவணி மாதம் எனது சாரதி முத்துலிங்கம் என்பவன் குடிபோதையில் பஸ்ஸை மதகில் மோதி, எனக்குத் தெரியாமல் கொல்லனைக்கொண்டு திருத்தி மறைத்தது தெரியவந்தது. மலைநாட்டு ஆட்களை நம்பி வாகனம் கொடுத்தது என் பிழை. அவனை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டேன். நான் ஏமாந்த நிலையைக் கருதி, இரண்டு டயரைப் பாதி விலைக்குத் தந்துதவவும்."

முத்துலிங்கம் நாட்களை எண்ணிப் பார்த்தார். ஆவணியில் வீரம்மாவின் தமையன் செத்து, இருவரும் மூன்று நாள் முதலியார்குளத்தில் நின்றார்கள். அந்த மூன்று நாளும் பஸ்ஸை ஓட்டியவர் முதலாளி. செட்டிகுளத்தில் கலியாணம் ஒன்றுக்குப் போய், குடிவெறியில் திரும்பி வந்ததாக ஊரில் ஒரு கதை அடிபட்டது. அந்த வெறியில் பஸ்ஸுக்கு என்ன நடந்தது என்று இப்போதுதான் விளங்கியது. பாவி, மதகில் அடித்தது அவன், கொல்லனிடம் தட்டுவித்தது அவன், குடித்ததும் அவன்!

"பாவம் அந்தாள்" என்றார் கனகலிங்கம், வீரகத்தியைத்தான். "உவங்களை வைச்சால் உப்பிடித்தான். நீர் புதுசா வந்த டிரைவரோ?"

பெயரை அவர் கேட்கவில்லை. டிரைவருக்குப் பெயர் கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. வாயைத் திறந்தால் உண்மை வரும். உண்மை வந்தால் டயர் வராது, வீரகத்தியின் மானம் போகும், அன்றைக்கே மூலைக் காணியும் போகும். வீரம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"ஓமுங்க" என்றார் முத்துலிங்கம். "புது ஆள்தான்."

கனகலிங்கம் இரங்கினார். புது டை ரொட் போட்டு, சில்லை அளந்து நேராக்கி, பாதி விலைக்கு இரண்டு டயரும் மாட்டிக் கொடுத்தார்கள். மாட்டும்போது முத்துலிங்கமும் கூட நின்று நட்டு இறுக்கினார். கைதான் வேலை செய்தது, மனம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பஸ்ஸை நிறுத்திவிட்டு நேரே விறாந்தைக்குப் போனார்.

"மொதலாளி, கடிதத்தை வாசிச்சாங்க. நான் குடிகாரனா? என்னை நிப்பாட்டியாச்சா?"

வீரகத்தி ஒருகணம்தான் திடுக்கிட்டார். பிறகு கதிரையில் சாய்ந்தார்.

"விசரே உனக்கு? அப்பிடி எழுதினாத்தான் தருவாங்கள். ஆர் நிப்பாட்டினது? நாளைக்கும் நீதான் ஓட்டப்போறாய். பேர்தானே போனது, வேலை போகேல்லையே."

"உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் குடுங்க மொதலாளி. வேற ஒண்ணும் வேணாம்."

"அப்ப காணியை விட்டிட்டு எழும்பிப் போ."

முத்துலிங்கம் விறாந்தையை விட்டு இறங்கினார். மறுநாள் விடிய பஸ்ஸை எடுத்தார், அதற்கடுத்த நாளும் எடுத்தார். வீரம்மாவிடம் சொல்ல நாலு நாள் பிடித்தது. சொன்னதும் அவள் அழவில்லை. "எந்திரிங்க, போய்டுவோம்" என்றாள். எங்கே என்று அவர் கேட்டார். அவள் அடுப்பை ஊதப் போனாள்.

டயர்கள் நேராகத் தேய்ந்தன. வருடம் ஒன்று கழிந்து, காற்றடிக்க அந்தக் கடைக்குப் போனபோது, கனகலிங்கம் சிரித்த முகத்தோடு எழுந்து வந்து முன்சில்லுகளைத் தடவிப் பார்த்தார்.

"பாத்தீரே, நல்ல டிரைவர் ஓட்டினால் நல்ல டயர் நிக்கும். அந்தக் குடிகாரன் இப்ப எங்கை?"

"அவன் செத்துப்போயிட்டான் ஐயா" என்றார் முத்துலிங்கம்.

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, கனகலிங்கம் காற்றுக் குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.