சம்படத்துக்குள் வைத்த போன்

எங்கள் வீடு ஓட்டு வீடாக இருந்தவரை டவரைப் பற்றி யாரும் பேசியதில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்க, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அம்மாவிடம் நான் ஊர்க்கதை பேசுவேன். ஒழுகுவதுதான் பெரிய பேஜார். ஆரணியில் தறி வைத்திருக்கிற வீட்டில் ஒழுகல் என்பது சும்மா வாளி வைத்துச் சமாளிக்கிற காரியம் இல்லை. தறியில் நீளமாகக் கட்டிய நூல், அந்தப் பாவில் தண்ணீர் சொட்டினால் சாயம் கசியும், அப்புறம் அந்தச் சேலையை யாரிடம் நீட்டுவது? அதனால் ஓட்டைப் பிரித்துவிட்டு நீல நிறத் தகர ஷீட் போட்டோம். முதல் மழையில் உள்ளே ஒரு சொட்டுகூட விழவில்லை. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

அதற்குள் என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். தறியில் உட்கார அவரால் முடியாது. நான் நெய்வேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊடை நூலைத் தாராகச் சுற்றித் தருவார். மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகத்துக்காகப் பதிவு செய்து வைத்திருந்தோம். பதிவு செய்த அன்று ஆஸ்பத்திரி அம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "எப்ப கூப்பிடுவோம்னு சொல்ல முடியாது. கூப்பிட்டா உடனே எடுக்கணும். நீங்க கிடைக்கலைன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுவோம். எங்களால காத்திருக்க முடியாது." அவருடைய நம்பரையும் என் நம்பரையும் கொடுத்தோம். இரண்டு போனும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஷீட் போட்ட பிறகு வீட்டுக்குள் சிக்னல் கோடு ஒன்றுக்கு மேல் ஏறவில்லை. சில நேரம் அதுவும் இல்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று பஜாரில் இருக்கும் மொபைல் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்காமல் கேட்டார்.

"வூட்டுக்கு மேல இன்னாக்கா போட்டுகிறீங்க?"

"ஷீட்டு."

"அதான். போன் நல்லாதான் இருக்குது. முன்ன சிக்னல் ஓட்டுல பூந்து வந்துகினு இருந்தது. தகரம்னா பட்டு அப்படியே திரும்பிடும்க்கா. இனிமே ஜன்னல், கதவு வழியாதான் வரணும். டவர் எந்தப் பக்கம்?"

டவர் இருக்கிற பக்கத்தில்தான் எங்கள் ஒரே ஜன்னல். அந்த ஜன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டுப் புளியமரம், வானம் தெரியாத அளவுக்கு. அதைச் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்தார். இலை அடர்த்தியாக இருந்தாலே சிக்னலைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுமாம். நனைந்துவிட்டால் இன்னும் அதிகமாம், தண்ணீர் அதைக் குடித்துவிடுமாம். வெறும் மழைத்துளி போனுக்கு வருகிற சிக்னலைப் பெரிதாக ஒன்றும் செய்யாது என்றும் சொன்னார். ஆனால் ஒரு டவரும் இன்னொரு டவரும் வட்டத் தட்டு வைத்துப் பேசிக்கொள்கிற இடங்களில், கொட்டுகிற மழை அந்தப் பேச்சையே கெடுத்துவிடுமாம். கரண்ட் போய், டவரில் பேட்டரியும் தீர்ந்தால் சுத்தம். பூஸ்டர் வாங்கி மாட்டலாமா என்று கேட்டேன். அனுமதி இல்லாமல் மாட்டினால் தப்பு, ஊரில் மற்றவர்கள் லைனும் கெடும் என்றார். நெட் கனெக்‌ஷன் எடுத்தால் வைஃபையில் போன் பேசலாம், ஆனால் கரண்ட் போனால் அதுவும் படுத்துவிடும். மழை வந்தால் எங்கள் தெருவில் முதலில் போவது கரண்ட்தான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். தன் போனை பிரெட் கவரில் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். அங்கே இரண்டு கோடு வந்தது. சாமி படத்தைப் பார்ப்பதுபோல் நாங்கள் இருவரும் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தோம்.

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் தறிக் குழியில் காலை விட்டேன். மழை பிடித்துக்கொண்டது. ஷீட்டின் மேல் அது கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. சாரல் ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது. தறிக்காரர் வீட்டில் இந்த நேரத்தில் கை தானாக வேலை செய்யும். பாவின் மேல் துணியை இழுத்துப் போடு, ஜரிகையை எடுத்து எவர்சில்வர் சம்படத்தில் வைத்து இறுக்கி மூடு. ஈரம் பட்டால் ஜரிகை கறுத்துப் போகும். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்கிறேன், மழை வந்தால் இவர் கைக்கு அது ஒன்றுதான் தெரியும். நான் துணியைப் போர்த்தினேன். இவர் ஜரிகையைச் சம்படத்தில் வைத்தார். ஜன்னலில் நனைந்துகொண்டிருந்த போனையும் அவிழ்த்து, துடைத்து, ஜரிகையோடு வைத்து மூடிவிட்டார். வீட்டில் எது விலை மதிப்பானதோ அது அங்கேதானே போகும்?

மேலே தகரம், வெளியே நனைந்த புளியமரம், இது போதாதென்று சுற்றிலும் எவர்சில்வர். என் போன் மடியில்தான் இருந்தது. அதில் ஒரு கோடும் இல்லை. மழையில் இருக்காது என்று பழகிப்போயிருந்ததால் நான் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

மழை விட்டு வெளிச்சம் வந்த பிறகு, துணி காயப்போட வாசலுக்குப் போனேன். தெருவில் கால் வைத்ததும் மடியில் போன் விடாமல் அதிர்ந்தது. இத்தனை தடவை இந்த நம்பரிலிருந்து அழைத்தார்கள் என்று மெசேஜ் மேல் மெசேஜ். ஆஸ்பத்திரி நம்பர். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவர் உள்ளே ஓடி, சம்படத்தைத் திறந்து, போனை எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய போனிலும் அதேதான்.

திருப்பிக் கூப்பிட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "ரெண்டு நம்பருக்கும் மாத்தி மாத்திப் போட்டோம்மா. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே வந்தது. அடுத்தவங்க வந்துட்டாங்க. அவங்களுக்கு எல்லாம் பொருந்திடுச்சு."

இவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சம்படத்தின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், "நனைஞ்சிடப் போவுதேன்னுதான் வச்சேன்" என்றார். பிறகு அதையே இன்னொரு தடவை சொன்னார். மூடியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சம்படத்தை மூடினேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன், இல்லை கத்தியிருப்பேன்.

சேத்துப்பட்டில் இருக்கும் நாத்தனார் நம்பரையும் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்தோம். இவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. அங்கேயும் மழை பெய்யாதா என்று கேட்கிறார். புளியமரத்துக் கிளையைக் கழிக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்த்தோம். காய்க்கிற மரத்தில் கை வைக்க மாட்டோம் என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

போன மாதம் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, ஆபரேஷனைத் தாங்காது, காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டோம் என்றார். திரும்பச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். இனி வாய்ப்பில்லை என்றார். வழி நெடுக பஸ்ஸில் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் மறுபடி மழை. நான் பாவைப் போர்த்தித் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். ஜரிகை சம்படத்துக்குள் பத்திரமாக இருந்தது. வாசலுக்கு ஓடினேன். புளியமரத்தைத் தாண்டித் தெரு முனையில், வானம் தெரிகிற இடத்தில், வீங்கிய காலோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் குடை. இன்னொரு கையில் பிரெட் கவருக்குள் போன்.

"இன்னாங்க இது, ஜல்தி உள்ள வாங்க, நனைஞ்சிகினு நிக்கிறீங்க!"

"இரு, இங்க நல்லா வருது." கவரோடு போனை என் பக்கம் நீட்டினார். "எனக்குக் கண்ணு மசங்குது. டவர் முழுசா இருக்குதா, பாத்துச் சொல்லு."

பார்த்தேன். எல்லாக் கோடும் இருந்தது.

"இருக்குதுங்க" என்றேன். குடையை வாங்கி அவருக்குப் பிடித்துக்கொண்டு, மழை விடுகிறவரை பக்கத்திலேயே நின்றேன்.