எங்கள் லாரி ஆபீஸ் விருந்தில் நான் பேசியது

கிருஷ்ணகிரியில் நான் வேலை பார்த்த லாரி ஆபீசில், ஆயுத பூஜைக்கு மறுநாள் எல்லோருக்கும் சாப்பாடு. இலை எடுத்ததும் ஒருவர் எழுந்து மற்றவர்களைக் கிண்டல் செய்து பேச வேண்டும். அந்த வருஷம் யார் அதிகம் கத்தினாரோ அவர்தான் பேச்சாளர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் நான். போட்டியே இல்லை.

பேச்சுக்குச் சட்டம் இருந்தது. முதலில் உன்னையே கிண்டல் செய்துகொள். ஒருவரையும் விடாதே. சாதி, சாமி, சம்பளம், உடம்பு, வீட்டுச் சண்டை, வேலையில் நடந்த தப்பு, எதுவும் கூடாது. சம்பந்தப்பட்டவரிடம் முன்பே காட்டிவிடு. அவர் வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிடு.

எனக்குப் பிரச்சினை புக்கிங் குமாஸ்தாதான். மாம்பழ சீசனில், பெங்களூர் போக வேண்டிய கூடைகளை அவர் சேலம் லாரியில் ஏற்றிவிட்டார். வாடிக்கையாளர்கள் எதிரிலேயே அவரை மாடு என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. சேலத்துக்கு மாற்றல் கேட்டு மனுவும் கொடுத்திருந்தார். சட்டத்தை மீறி அந்தக் கூடைக் கதையைச் சொன்னால் சிரிப்பு அள்ளும். ஆனால் ஆள் திரும்ப மாட்டார். எனக்கு அவர் போவது பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயும் வரவில்லை.

எழுதியதை அவர் மேஜையில் வைத்தேன். படித்தார். ஒரு சொல்லை அடித்து, மேலே எதையோ எழுதி, தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் அதைப் பார்க்காமலே மடித்து வைத்துக்கொண்டேன்.

விருந்தன்று எழுந்தேன். நான் கத்தினால் ஓசூர் செக்போஸ்டில் நம்ம டிரைவர் தானாகப் பேப்பரை எடுத்து நீட்டுகிறார் என்றேன். சிரித்தார்கள். பேனா எழுதுகிறதா என்று மேனேஜர் உள்ளங்கையில் எழுதிப் பார்ப்பதால், சாயங்காலத்துக்குள் கோப்புகளைவிட அவர் கையில்தான் கையெழுத்து அதிகம் என்றேன். மேனேஜரே கையை விரித்துக் காட்டினார். டைப்பிஸ்டையும் மற்றவர்களையும் முடித்துவிட்டுக் குமாஸ்தாவிடம் வந்தேன்.

"நாலு மாசமா இவர் என்னோட பேசறதில்ல. ஆனா மத்தியானம் ஆனா, என் மேஜையில ஒரு கேழ்வரகு அடை மட்டும் வந்து உக்காந்துக்கும். கோவக்கார மனுசன் அடையை அனுப்பி வெச்சா, வாங்கித் தின்னவன் எப்படிங்க சண்டை போடறது?"

"ஒண்ணு இல்லண்ணா, ரெண்டு. திருத்திக் குடுத்தேனே, பாக்கலயா?" என்றார் அவர் உட்கார்ந்தபடியே.

அதற்குத்தான் ஆபீசே அதிகம் சிரித்தது. பேச்சை அதோடு முடித்தேன். எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

வெளியே தண்ணீர்த் தொட்டியருகே அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்கு நான் மாடுன்னு சொல்லியிருக்கக் கூடாது," என்றேன்.

"தெரியுதில்ல, போதும்ணா. அந்த மனுவைத் திரும்ப வாங்கிடறேன். சேலத்துல இவ்வளவு சத்தமா யாரும் கத்த மாட்டாங்க, தூக்கம் வந்துரும்."

நான் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டார்.