ஒரு செமஸ்டர் போய் வந்தவள்

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளிநாட்டில் புதிதாகச் சேரப்போவதாக மகள் ஒற்றைக்காலில் நின்றபோது, தையல்காரம்மா அவளைக் கல்லூரிக்கு அழைத்துப்போனாள். கல்லூரியின் பரிமாற்றப் படிப்பு அதிகாரிதான் நடுவழி சொன்னார்: "ஒரு செமஸ்டர் மட்டும் போகட்டும்மா. ஃபீஸ் இங்கயேதான். அங்க படிக்கப்போற பாடங்களுக்கு இங்க துறையில முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிட்டா, பாஸ் பண்ணினதும் அந்த கிரெடிட் இங்க படிச்ச கணக்குல சேர்ந்துடும். சீட் எங்கயும் போகாது."

போனாள், எல்லாப் பாடத்திலும் தேறினாள். திரும்பி வந்த அன்றே, "மேல்படிப்புக்கும் அங்க போகலம்மா" என்றாள்.

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லம்மா, நல்லவங்கதான். எனக்குத்தான் ஒட்டல. முழுசாப் போயிருந்தா, வீம்புக்கே பல்லைக் கடிச்சுட்டு அங்கயே இருந்திருப்பேன்."

அக்கம்பக்கத்தார் என்ன பேசுவார்களோ என்று அம்மா சற்று நேரம் யோசித்தாள். பிறகு, மெலிந்துபோயிருந்த மகளை நிற்கவைத்து, கல்லூரிக்குப் போட்டுப்போகும் சட்டையைப் பிடித்துத் தைக்க அளவெடுத்தாள்.