நாற்பது படங்களுக்குப் பின்னால் நின்ற செய்தி

பங்சாரில் ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிப் பாஸில் கடல் கடந்து வந்து, பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, தினமும் நடந்தே அங்கே போவேன். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். கோவில், இளைஞர் மன்றம், கடை, சொந்தபந்தம் என்று வேண்டியவர்களைப் பின்தொடரலாம். அவர்கள் போடும் பதிவுகள் நம் முகப்பில் வரிசையாக வரும். அந்த முகப்பை வடிவமைத்தவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

முகப்பை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒருவர் பதிவு போட்டதும், அவரைப் பின்தொடரும் ஒவ்வொருவரின் பட்டியலிலும் அதை அப்போதே எழுதி வைப்பது ஒன்று. எழுதும்போது வேலை அதிகம். செயலியைத் திறக்கும்போது பட்டியல் தயாராக இருக்கும். மற்றொன்று, எழுதும்போது ஓரிடத்தில் மட்டும் வைத்துவிட்டு, யாராவது திறக்கும்போது அவர் பின்தொடர்கிறவர்களிடமெல்லாம் போய்ப் புதியதைத் திரட்டி, நேரப்படி அடுக்கிக் கொடுப்பது. முந்நூறு பேரைப் பின்தொடர்கிறவருக்கு ஒவ்வொரு தடவையும் முந்நூறு இடத்தில் தேட வேண்டும். எனக்கு முதல் வழிதான் பிடித்தது. நம் ஆட்கள் நாளுக்கு இருபது தடவை திறப்பார்கள், இரண்டு தடவை கூட எழுத மாட்டார்கள் என்று கூட்டத்தில் அடித்துப் பேசினேன்.

வாடிக்கையாளர்களின் போனை எடுக்கும் கிள்ளான்கார அக்கா மட்டும் கேட்டார். "கோவில்காரங்க வந்தா எப்படிமா? அவங்களுக்கு லட்சக்கணக்குல பாலோவர்ஸ் இருப்பாங்க. திருவிழான்னா ஒரு படத்துக்கு ஒரு போஸ்ட்டுன்னு போட்டுக்கிட்டே இருப்பாங்கலா."

"சராசரியா ஒருத்தருக்கு நூத்தைம்பது பேர்தான்க்கா" என்றேன். அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டார். சராசரி என்ற சொல்லை இப்போது கேட்டாலும் எனக்குக் காது சுடும்.

ஒரு பெரிய கோவில் சேர்ந்தது. இரண்டு லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை திருவிழா. கோவிலின் தொண்டர் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து நாற்பது படங்களை நாற்பது பதிவுகளாகப் போட்டார். ஒவ்வொன்றையும் இரண்டு லட்சம் பட்டியல்களில் எழுத வேண்டும். பதிவுகள் எல்லாம் ஒரே வரிசையில் நின்று, வந்த முறைப்படி நகரும்படிதான் நான் செய்திருந்தேன். கோவிலுக்குப் பின்னால் யார் வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். மதியத்துக்கு மேல் தானாகச் சரியாகிவிட்டது. திங்கட்கிழமை, காத்திருப்பு நேர வரைபடத்தில் சனிக்கிழமை மேடாக எழும்பியிருந்ததைப் பார்த்து, திருவிழாதானே என்று தோளைக் குலுக்கினேன்.

அன்றே அக்கா என் மேசைக்கு வந்தார். கிள்ளானிலிருந்து ஓர் அங்கிள், லோரி ஓட்டுகிறவர், போன் செய்திருக்கிறார். தன் தம்பியைப் பிளாக் பண்ணுவது எப்படி என்று கேட்டாராம். அக்கா ஏன் என்று கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார். சனிக்கிழமை விடியற்காலை அவர் மனைவி இறந்துவிட்டார். ஒரு மணிக்கு எடுப்பது என்று முடிவாகி, மகள் ஒன்பதரைக்கு அவர் கணக்கிலேயே செய்தி போட்டாள். அண்ணனும் தம்பியும் ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் செயலியில் ஒருவரை ஒருவர் பின்தொடர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். சித்தப்பா பார்த்துவிடுவார் என்று மகள் நம்பினாள். தம்பி வீடு இருக்கும் செமினியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். தம்பி வரவில்லை. மாலையில் அவர் போன் செய்தபோது அண்ணன் எடுக்கவில்லை. அண்ணியின் சாவுக்கே வராதவன் இனி எதற்கு என்று உறவையே அறுத்துவிட முடிவு செய்திருந்தார்.

அவர் பதிவைத் தேடினேன். சேமித்த நேரம் ஒன்பது முப்பத்திரண்டு. அவருடைய சொந்தப் பக்கத்தில் அது உடனே தெரிந்திருக்கும், அதனால் எல்லாரும் பார்த்ததாக அவர் நம்பியதில் தப்பே இல்லை. பின்தொடர்பவர்களின் பட்டியல்களில் எழுதிய நேரம் ஒன்றே முக்கால். அவரைப் பின்தொடர்ந்தது அறுபது பேர்தான். ஒரு வினாடி வேலை. நாற்பது படங்களுக்குப் பின்னால் நாலு மணி நேரம் நின்றிருக்கிறது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அந்த மாதம் என் வேலை பாஸைப் புதுப்பிக்க வேண்டும், அவர் கையெழுத்து வேண்டும். ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மனதுக்குள் தயாராகியிருந்தேன். அவர் கார் சாவியை அக்காவிடம் கொடுத்து, "ரெண்டு பேரும் நேர்ல போய் சொல்லிட்டு வாங்க" என்றார். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

அன்று மாலைக்குள் பெரிய கணக்குகளுக்குத் தனி வரிசை போட்டேன். மறுநாள் கிள்ளான் போனோம். வீட்டு முன் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிள் எங்களுக்கு நாற்காலி போட்டார்.

"அங்கிள், தப்பு என்னுது. நீங்க போட்ட செய்தி ஒன்றே முக்கால் வரைக்கும் யாருக்குமே போகல."

"என் போன்ல இருந்துச்சேமா."

"உங்க பக்கத்துல மட்டும்தான் அங்கிள்." கோவில் படங்களை ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தோம், உங்கள் செய்தி அந்த வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது என்றேன். லோரி ஓட்டுகிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப கோவில் படத்த வீடு வீடா ஏன்மா கொண்டு போறீங்க? கோவில்லயே மாட்டி வச்சா, வர்றவன் பார்த்துட்டுப் போறான்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அடுத்த மூன்று வாரம் நான் செய்தது அதைத்தான். சாதாரணக் கணக்குகளின் பதிவை முன்போலவே ஒவ்வொரு பட்டியலிலும் எழுதினோம். பெரிய கணக்குகளின் பதிவை ஓரிடத்திலேயே வைத்து, ஒருவர் திறக்கும்போது எடுத்து அவர் பட்டியலோடு நேரப்படி சேர்த்தோம். ஒருவர் பின்தொடரும் பெரிய கணக்குகள் நாலைந்துதான் இருக்கும் என்பதால் தேடும் வேலையும் குறைவு. இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. படித்தும் இருக்கிறேன்.

அன்று அங்கிள் தோள் துண்டைக் கையில் எடுத்தார். பிறகு, "அப்ப அவனுக்குத் தெரியாதுமா" என்றார். அதையே இன்னொரு தரம் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மூன்று நாளாக அவர் அழவே இல்லை என்று மகள் பிறகு சொன்னாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து நன்றி என்றார். என் தப்புக்கு நன்றி சொன்ன ஒரே மனிதர் அவர்தான், நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன் அதை.

பதினாறாம் நாள் கருமகிரியைக்கு எங்களையும் அழைத்திருந்தார். அழைப்பைச் செயலியில்தான் போட்டிருந்தார். சேமித்த அடுத்த வினாடியே அறுபது பட்டியல்களிலும் எழுதியாகிவிட்டதை அலுவலகத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். வாசலில் வாளியோடு ஒருவர் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கிளின் அதே மூக்கு.

"தம்பிக்குச் செய்தி உடனே வந்துச்சா அங்கிள்?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"வந்திருக்கும்மா" என்றார் அங்கிள். "நான் முதல்லயே போன் பண்ணிட்டேன்லா."