சிவகாமசுந்தரியின் நீலச் சீட்டு

நான் ஐந்தாவதோடு நின்றவன். விருத்தாசலம் தொழிற்பேட்டைக்குப் பதினாறு வயதில் களிமண் சுமக்க வந்தேன். முப்பத்தெட்டு வயதில் அதே தொழிற்பேட்டையில் சொந்தச் சூளை போட்டேன். என் கம்பெனி பீங்கான் பியூஸ் கட்டை மாட்டாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. அது போதாதென்று 2005-ஆம் வருஷம் கம்பெனி மாடியில் எட்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். சென்னைக் கம்பெனி ஒன்று கையால் எழுதிய விண்ணப்பங்களைக் கட்டுக் கட்டாக அனுப்பும், நாங்கள் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மண் சுட்டவனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று சிரித்தவர்கள் பிறகு தங்கள் பெண்களுக்கு வேலை கேட்டு என் மாடிப்படி ஏறினார்கள். அதெல்லாம் இருக்கட்டும். இது என்னைப் பற்றியது அல்ல, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிவகாமசுந்தரியைப் பற்றியது.

அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. சொந்த ஊர் திட்டக்குடி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் பதினேழு வருஷம் சொல்லிக்கொடுத்தாள். கம்ப்யூட்டர் வந்து இன்ஸ்டிடியூட் மூடியது. கல்யாணம் ஆகவில்லை. நடக்க முடியாத தாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் வயது போய்விட்டது, பிறகு தாயும் போய்விட்டாள். ஒற்றை அறை வீடு, ஒரு ஸ்டவ், ஒரு ஆள். வேலைக்கு வந்தால் காலை ஒன்பதுக்கு உட்காருவாள், சாப்பாட்டுக்கு ஒரு முறை எழுந்திருப்பாள், ஆறு மணிக்குப் பையை எடுப்பாள். சென்னையில் இன்னொருவர் அதே விண்ணப்பங்களை அடிப்பார், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லும். முதல் வருஷம் முழுக்க சிவகாமியின் கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

நான் அதை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். "சிவகாமியைப் பாருங்க, உட்கார்ந்தா எழுந்திருக்கறதே இல்ல." அவளையும் வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு அடிப்பாள். அவளைப் பாராட்ட வேறு ஆள் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாராட்டு என்ன செய்யும் என்பதுதான் தெரியவில்லை.

2006 ஏப்ரல் மாதம், பதினோரு மணி வெயிலில், நாற்காலியிலிருந்து எழுந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சிறுநீரில் கிருமி, உடம்பில் தண்ணீர் இல்லை, முதுகும் மணிக்கட்டும் இறுகிப்போயிருக்கின்றன என்றார் டாக்டரம்மா. அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், அரைமணி முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து கை காலை நீட்ட வேண்டும், இப்படியே போனால் கல் வரும், கையும் போகும் என்றார். கூட இருக்க யார் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஆதிலட்சுமி, "நாங்க இருக்கோம் டாக்டர்" என்றாள். ஆதிலட்சுமி அடுத்த நாற்காலிக்காரி. கட்டுகளைப் பிரித்து அடுக்கித் தருவதும் அவள் வேலை.

நான் விட்டுவிடுகிற ஆள் இல்லை. சூளையில் சூடு பார்க்க அரைமணிக்கு ஒரு முறை தானாக அடிக்கிற கரண்டு மணி உண்டு. ஆள் தூங்கிவிட்டால் ஒரு லாட் முழுக்க வெடித்துவிடும். அதே மாதிரி மணி ஒன்றை வாங்கி மாடியில் மாட்டினேன். மணி அடித்தால் எட்டுப் பேரும் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக் கையை நீட்ட வேண்டும். நானே நின்று பார்த்தேன்.

மூன்று நாள் நன்றாகப் போனது. நாலாம் நாள் ஆதிலட்சுமி சொன்னாள், "மொதலாளி, மாட்டுக்குத் தண்ணி காட்ற மாதிரி இருக்குது. அதுக்கும் தாகம் எடுத்தாத்தான் காட்டுவாங்க."

"ஒடம்புக்கு நல்லதும்மா."

"மணியைக் கேட்டாலே நெஞ்சு திக்குனுது. அது ஒடம்புக்குக் கெட்டதுங்களே."

பாதி வரியில் மணி அடித்தால் எந்த வரியில் இருந்தோம் என்பது மறந்துபோகும். டம்ளரை உதட்டில் வைத்து எனக்குக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் யாரோ மணிக்கு நடுவில் துணி சொருகிவிட்டார்கள். யார் என்று நானும் கேட்கவில்லை.

பிறகு கொளஞ்சிநாதனைக் கூப்பிட்டேன். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர், நெய்வேலியில் கடை வைத்திருக்கிறார், பொறுமைசாலி. சத்தம் வேண்டாம், திரையிலேயே சொல்லட்டும் என்றேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை நடுத்திரையில் மஞ்சளாக ஒரு பெட்டி வந்து நிற்கும்படி செய்தார். "தண்ணீர் குடிக்கவும். எழுந்து நிற்கவும்." எண்டர் தட்டினால் போய்விடும். தொழிற்பேட்டையில் வேறு எவனுக்கும் இந்த யோசனை வரவில்லை என்று நாலு பேரிடம் சொன்னேன்.

மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து ஒரு கட்டு திரும்பி வந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. இரண்டும் சிவகாமி அடித்தவை. ஒருவர் பெயர் பாதியில் நிற்கிறது, அதோடு அவர் தகப்பன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கீழே எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போயிருக்கிறது. இன்னொரு கட்டு இப்படி வந்தால் அந்த ஆளை மாற்றிவிடுங்கள் என்று போனில் சொன்னார்கள்.

நான் போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். "என்னாம்மா இது?"

"என் கை தப்பு பண்ணியிருக்காதுங்க."

"பின்ன யார் கை?"

அவள் மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். முன்னைவிட வேகமாக அடித்தாள். எனக்குப் புரிந்தது. இந்த நாற்காலி போனால் அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது. சம்பளத்தை மட்டும் சொல்லவில்லை. காலையில் எழுந்து தலை சீவிக்கொள்ள அவளுக்கு இருந்த காரணமே அந்த நாற்காலிதான்.

மறுநாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து பெயர் படிக்கிற அளவுக்குத்தான். ஆனால் சூளைக்குள் நிறம் பார்த்தே சூடு சொன்ன கண் இது. அவள் காகிதத்தைப் பார்த்தாள், நான் திரையைப் பார்த்தேன். ராஜமாணிக்கம் என்று ஒருவர் பெயர். 'ராஜமா' வரைக்கும் வந்தபோது மஞ்சள் பெட்டி வந்து நின்றது. அவள் விரல் நிற்கவில்லை. மிச்ச எழுத்தெல்லாம் எங்கேயும் விழாமல் போயின. அடுத்த கட்டத்துக்குப் போக வழக்கம்போல எண்டர் தட்டினாள். பெட்டி மறைந்தது. அடுத்து தகப்பன் பெயர் தனபால் என்று அடித்தாள். அது 'ராஜமா'வுக்குப் பக்கத்திலேயே போய் ஒட்டிக்கொண்டது. அவள் கண் காகிதத்தை விட்டு அசையவே இல்லை.

மற்ற ஏழு பேரும் திரையைப் பார்த்து அடிப்பவர்கள், பெட்டி வந்தால் நிறுத்திவிடுவார்கள். முறையாக டைப்பிங் படித்தவள் இவள் ஒருத்திதான். யாருக்காகச் செய்தேனோ அவள் கண்ணில் மட்டும் அது படவில்லை. அவள் வேலைக்கும் உலை வைத்துவிட்டது.

"நிறுத்தும்மா" என்றேன். நிறுத்தினாள். காட்டினேன். 'ராஜமாதனபால்' என்ற அந்தப் பெயரைத் திரையில் விரல் வைத்துப் படித்தாள்.

"எப்பவாவது நிமிர்ந்தா இந்தப் பொட்டி நிக்கும், மூடிருவேன். இப்படிப் பண்ணுதுன்னு தெரியாதுங்க."

"தண்ணி குடிச்சியா இத்தன நாளா?"

"இல்லிங்க. குடிச்சா கக்கூஸ் போவணும். சாவி உங்க மேசையில இருக்குது. ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட வந்து நிக்கணும்."

கீழே பெண்கள் கக்கூஸை ஆண்கள் நுழையாமல் இருக்கட்டும் என்று பூட்டி, சாவியை நான் வைத்திருந்தேன். அதையும் பெருமையாகத்தான் செய்தேன். அன்றே மாடிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்து அதில் சாவியை மாட்டினேன்.

கொளஞ்சிநாதன் சாயங்காலமே வந்தார். "பொட்டி நடுவுல வந்து கீபோர்டைப் புடுங்கிக்கிது மொதலாளி. அது என் தப்பு" என்றார். மாற்றித் தந்தார். விண்ணப்பம் பாதியில் இருக்கும்போது இனி எதுவும் வராது. ஒன்றைச் சேமித்து முடித்து, கையும் ஓய்ந்திருந்தால் மட்டும் கீழ் மூலையில் சின்னதாக ஒரு பட்டை வரும். சத்தம் கிடையாது, அடிக்கிற எழுத்தை அது வாங்கிக்கொள்ளாது, கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடும். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போடலாம். நாமே எழுந்துபோய் வந்தால் அங்கிருந்து புதிதாகக் கணக்கு ஆரம்பிக்கும்.

ஆதிலட்சுமி பார்த்துவிட்டு, "இப்பத்தான் மனுசங்ககிட்ட பேசுற மாதிரி இருக்குது" என்றாள்.

சிவகாமி மட்டும், "எனக்கு மூலையிலயும் கண்ணு போவாதுங்க" என்றாள். "என் கண்ணு காயிதத்துலதான இருக்குது. காயிதத்துலயே வெச்சிருங்க."

அவள் சொன்னபடிதான் செய்தோம். இருபத்தைந்து விண்ணப்பத்துக்கு ஒன்றாகக் கட்டுக்குள் நீலக் காகிதச் சீட்டு சொருகினாள் ஆதிலட்சுமி. இருபத்தைந்து அடிக்க அவளுக்கு ஏறக்குறைய நாற்பது நிமிஷம். சீட்டில் தண்ணீர் குடிக்கவும் என்று எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க. எழுதினா தெனம் பத்துத் தடவ அதட்டுற மாதிரி இருக்கும். வெறும் நீலம் போதும்."

குடத்தை அவள் பக்கத்திலிருந்து எடுத்து அறையின் அந்தக் கோடியில் வைத்தோம். குடிக்க நடந்தே ஆக வேண்டும். ஜன்னலில் நின்று தூரத்துச் சூளைப் புகையைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், மணிக்கட்டைச் சுழற்றுவாள், தோளைப் பின்னால் இழுப்பாள், வந்து உட்காருவாள். நான் அந்தப் பக்கம் திரும்புவதை நிறுத்தினேன். பார்த்துக்கொண்டு நின்றால் அதுவும் ஒரு மணிதான்.

திரும்பி வந்த இரண்டு கட்டுகளையும் மறுபடி அடித்துத் தருகிறோம், பிசகு எங்கள் பெட்டியில்தான், ஆளிடம் இல்லை என்று சென்னைக்குப் போன் செய்து சொன்னேன். ஆயுசில் முதல் முறையாக என் தப்பு என்று இன்னொரு கம்பெனிக்காரனிடம் சொன்னேன். சரியாக வந்தால் அவர் இருக்கட்டும் என்றார்கள்.

சிவகாமி அந்த இரண்டு கட்டுகளையும் ஞாயிற்றுக்கிழமை வந்து அடித்தாள். மாடியில் வேறு யாரும் இல்லை. கம்பெனி திறக்க நான் வந்தேன். என் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் கிடையாது, பிள்ளைகள் வெளியூர். ஆதிலட்சுமி இல்லாததால் இருபத்தைந்து எண்ணி நீலச் சீட்டை நானே சொருகினேன். சாயங்காலம் வரை நாங்கள் நாலு வார்த்தை பேசியிருப்போம். சீட்டு வந்தபோதெல்லாம் அவள் எழுந்துபோகும் காலடிச் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை சென்னையிலிருந்து பதில் வந்தது. இரண்டு கட்டும் சரி, ஒரு பிழைகூட இல்லை. நான் மாடி ஏறி எல்லோர் முன்னாலும் சொன்னேன். இந்த முறை 'உட்கார்ந்தா எழுந்திருக்கறதே இல்ல' என்று சேர்க்கவில்லை.

அவள் சிரித்தாள். சாயங்காலம் பையை எடுக்கும்போது என் மேசைக்கு வந்தாள்.

"இப்ப வலி இல்லிங்க. ஆனா லீவு நாள்ல ராத்திரி வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலன்னு படுக்கறப்பதான் தெரியுது."

"நாலு சீட்டு வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போம்மா."

"வூட்டுல எந்தக் கட்டு இருக்குது, அத எதுக்கு நடுவுல வெக்கிறதுங்க?" என்று கேட்டாள்.

சீட்டு எடுக்க நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன். பிறகு, "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.